காட்சி: காலைக் கையளிப்பில் பிணக்கு

வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலை, மருத்துவ விடுதி, காலை 7 மணி. 6 மணி நுண்ணுயிர்க்கொல்லி ஊசிக்கு மருந்து அட்டையில் கையொப்பம் இல்லை.

“இரவு முழுக்க என்ன செய்தனீர்?” மூத்த தாதி, நோயாளிகள் முன்னிலையில்.
“ஊசி போட்டனான் அக்கா, எழுதத்தான் விட்டுப்போச்சு.” இரவுக் கடமையில் இருந்த இளைய தாதி.

நீங்கள் பொறுப்புத் தாதி. முதலில் நோயாளி: போட்டதா இல்லையா என்பது உறுதியாகும்வரை மறுபடி போடவிடாதீர்கள், வைத்தியருக்கு அறிவியுங்கள். போட்டது உறுதியானால், போட்டவரே இப்போதைய நேரத்தையும் குறித்துப் பிந்திய பதிவு எழுதட்டும்.

அடுத்து, இருவரையும் கட்டிலடியிலிருந்து விலக்குங்கள். இரவுக் கடமை முடித்தவரை அப்போதே விசாரிக்க வேண்டாம். களைப்பில் மன்னிப்பு வரும், காரணம் வராது. அடுத்த கடமை நாளில் தனித்தனியே 10 நிமிடம் கேளுங்கள், பிறகு சேர்த்து இருத்துங்கள். விடுபட்ட கையொப்பம் ஒரு விடயம், எல்லோர் முன்னும் ஏசியது வேறு; இரண்டையும் கலந்தால் இளையவர்தான் முழுப்பழியும் சுமப்பார்.

உடன்பாடு: கையளிப்பில் இருவரும் அட்டையைச் சேர்ந்து பார்ப்பது. 2 வாரத்தில் மீளாய்வு.