ஆர்டர் நோட்டு: 2025 மே, சைதாப்பேட்டை கடை, வேலூர்

வசந்தி, நான் கடையில் இல்லாதபோது யாராவது துணி கொண்டுவந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆர்டர் எடு. உடம்பு அளவு எல்லாம் அங்குலத்தில், துணி மட்டும் மீட்டரில். துணியை அவர்கள் எதிரிலேயே மேசையில் விரித்து அளந்துவிடு. கறை, நூல் இழுப்பு, ஓட்டை எது இருந்தாலும் அப்போதே காட்டிவிட்டு எழுது. ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி அந்த ஆர்டருக்குப் பக்கத்தில் பின் குத்தி வை. ஒரே பச்சையில் நான்கு பேர் துணி வரும் மாதம் இது.

ஆள் நேரில் வந்திருந்தால் டேப் வைத்துப் புது அளவு எடு. போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுத வேண்டாம், உடம்பு மாறியிருக்கும். அளவு ஜாக்கெட் கொடுத்தால் ‘அளவு ஜா.’ என்று எழுதி, அதையும் வாங்கிய துணியோடு கணக்கில் சேர். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்.

தேதி கேட்டால் நம்மால் முடிகிற நாளைச் சொல். விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே துணி அவர்கள் கைக்குப் போக வேண்டும், போட்டுப் பார்த்துச் சரிசெய்ய நேரம் இருக்கும். அக்னி நட்சத்திரம் 4 முதல் 28 வரை. கரண்ட் போகிற காலம், மோட்டார் மெஷினை மட்டும் நம்பி நாள் கொடுக்காதே.

எண் 112. மே 2, வெள்ளி
தீபா, சேண்பாக்கம். கல்யாணப் பொண்ணு, அம்மாவோடு வந்தார். முகூர்த்தம் மே 23.

வாங்கியது: ஆரணிப் பட்டு, அரக்கு, ஜாக்கெட் பிட் சேலையோடு சேர்ந்தே இருக்கிறது (அளந்தது 0.80). மாம்பழ மஞ்சள் பட்டு ஒன்று, பச்சை சில்க் காட்டன் ஒன்று, இரண்டுக்கும் பிட் தனி, தலா 0.80. லைனிங் நம்முடையது. அளவு ஜா. 1 (நீலம்). அரக்கு சேலை முந்தானைப் பக்கம் ஒரு ஜரிகை இழை எழும்பியிருக்கிறது, அம்மாவிடம் காட்டியாச்சு.

அளவு, உடம்பில் எடுத்தது: உயரம் 14½, தோள் 14, மேல் மார்பு 33½, மார்பு 36, இடுப்பு 30, டாட் உயரம் 9¾, டாட் இடைவெளி 7½, கைக்குழி 16, கை நீளம் 10, கை சுற்று மேலே 12, கீழே 10½. முன் கழுத்து 6½, பின் கழுத்து 9, பானை வடிவம், கயிறு வேண்டும்.

கவனி: வலது தோள் இடதைவிட ½ இறக்கம். நீல ஜாக்கெட்டில் வலது பக்கம் கழுத்து நழுவுவது இதனால்தான். பொண்ணு அதைத் தன் உடம்புக் குறை மாதிரி சொன்னாள். நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும், வெட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வலது தோள் சரிவை ½ கூட்டி வெட்ட வேண்டும், பேட் வைத்து ஏமாற்ற வேண்டாம். கல்யாணத்துக்குள் உடம்பு கொஞ்சம் இளைக்கலாம், அப்புறம் கூடவும் கூடலாம். பக்கத் தையலில் இரண்டு பக்கமும் 1½ உள்ளே விடு.

அரக்குக்கு ஆரி வேலை: கை, பின் கழுத்து. பிட்டை வெட்டாமல், கோடு மட்டும் வரைந்து ஆரி போடுகிறவரிடம் கொடுக்க வேண்டும். வெட்டிய துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் கைக்குழி வளைவு போய்விடும். லைனிங் மூன்றையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டு.

ஆரிக்குக் கொடுப்பது மே 5. திரும்ப வாங்குவது 13. போட்டுப் பார்க்க 16 வெள்ளி. டெலிவரி 20 செவ்வாய்.
கூலி: அரக்கு தையல் 900, ஆரி 3500, மற்ற இரண்டு 900, ஃபால்ஸ் மூன்றுக்கு 300. மொத்தம் 5600. அட்வான்ஸ் 2500. பாக்கி 3100.
*மே 13:* ஆரி வந்தது. இடது கையில் இரண்டு மணி விட்டிருக்கிறது, கொடுத்து வாங்கியாச்சு.
*மே 16:* போட்டுப் பார்த்தார். வலது தோள் சரியாக உட்கார்ந்தது. இடுப்பில் ¼ பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எண் 113. மே 3, சனி
குடியாத்தம் பாப்பா, 7 வயது. பாட்டி வந்தார், இங்கே மகள் வீடு. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பாவாடை சட்டை. சிரசு வைகாசி 1, மே 15. டெலிவரி 12 திங்கள், கண்டிப்பாக. சிரசு அன்றைக்குக் குடியாத்தம் பஸ்ஸில் ஏறவே முடியாது, பாட்டி 13ஆம் தேதியே ஊருக்குப் போகிறார்.
துணி: பச்சைப் பட்டுப் பாவாடை பிட் 2.00, சட்டைக்குச் சிவப்பு 0.75. பாவாடை நீளம் 26, இடுப்பு 22. சட்டை நீளம் 13, மார்பு 24, பஃப் கை 5. கீழே 4 அங்குலம் உள்மடிப்பு வை, அடுத்த வருஷமும் பிரித்துவிட்டுப் போடட்டும். கூலி 450, முழுப் பணமும் வாங்கியாச்சு.
*12, காலை 11:* கொடுத்தாச்சு.

எண் 115. மே 6, செவ்வாய்
ராணிப்பேட்டை தோல் கம்பெனி சூப்பர்வைசர் சார். சட்டை 1, பேன்ட் 1. சட்டைத் துணி கட்டம் போட்டது, 58 அகலம், 1.60. பேன்ட் துணி 1.30.
சட்டை: நீளம் 29, தோள் 18, மார்பு 40, வயிறு 41, முழுக் கை 24, காலர் 16. பேன்ட்: நீளம் 40, இடுப்பு 37, சீட் 41, தொடை 25, பாட்டம் 15.
வயிறு இருப்பதால் சட்டை முன்பக்கம் ¾ நீளம் கூட்டு, இல்லையென்றால் முன்னால் தூக்கிக்கொள்ளும். பட்டன் பட்டியிலும் பாக்கெட்டிலும் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். கைகளில் சேர்க்கத் துணி போதாது என்று சொல்லி, சரி என்றார். டெலிவரி 17 சனி. கூலி 900, அட்வான்ஸ் 400.

எண் 117. மே 8, வியாழன். அவசரம்
கல்கத்தா அம்மா, காந்தி ரோடு லாட்ஜ். மகளுக்கு இடது கையில் ஆபரேஷன், சிஎம்சியில் இருக்கிறாள், சனிக்கிழமை டிஸ்சார்ஜ். தலைவழியாகப் போட முடியாது, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற நைட்டி 2 வேண்டும்.
துணி: காட்டன் 3.00 வீதம் இரண்டு, லாங் பஜாரில் எடுத்தது. நீளம் 52, மார்பு 38க்குத் தளர்வாக 44, தோள் 15.
இடது கையைத் தோளிலிருந்து கீழ் வரை பிரித்துவிட்டு நாடா நான்கு இடத்தில். கட்டு மேல் உராயாமல் தையல் முடிச்சு எல்லாம் வெளிப்பக்கம் வரட்டும். பட்டன் வேண்டாம், படுத்தால் அழுத்தும், முன்னாலும் நாடாவே. மற்ற வேலையை ஓரம் வைத்துவிட்டு இதை முடி. டெலிவரி 9 வெள்ளி மாலை. கூலி 400.
*9, மாலை 6:* நான் நேரில் போய்க் கொடுத்தேன்.

எண் 120. மே 12, திங்கள்
அண்ணன் தங்கை, சத்துவாச்சாரி. பள்ளி யூனிஃபார்ம், ஜூன் 2 திறப்பு. பையன் (10): சட்டை 2, நீளம் 23, மார்பு 28, தோள் 13, அரைக் கை 7½, டவுசர் 2, நீளம் 17, இடுப்பு 25. பாப்பா (8): பினோஃபார் 2, நீளம் 29, மார்பு 25. இரண்டு பேருக்கும் மடிப்பில் 2 விடு. சட்டை 3.00, டவுசர் 1.50, பினோஃபார் 2.50. டெலிவரி 29 வியாழன். கூலி 1700, அட்வான்ஸ் 700.

எண் 122. மே 14, புதன்
ஆர்.என்.பாளையம் பாய். பக்ரீத்துக்கு (ஜூன் 7) வெள்ளை ஜிப்பா பைஜாமா, 58 அகலம், 5.00. ஜிப்பா நீளம் 42, தோள் 18½, மார்பு 42, கை 24½, ஸ்டாண்ட் காலர் 16. பைஜாமா நீளம் 39, நாடா. வெள்ளைத் துணி: வெட்டுகிறபோது கலர் சாக்பீஸ் எடுக்காதே, மெஷினுக்கு எண்ணெய் விட்டால் பழைய துணியில் பத்து வரி ஓட்டிவிட்டு உட்கார். டெலிவரி ஜூன் 4 புதன். கூலி 800, அட்வான்ஸ் 300.

இதற்கு மேல் மே மாதத்துக்குள் புது ஜாக்கெட் எடுக்க வேண்டாம். யார் கேட்டாலும் ஜூன் 10 என்று சொல். தீபாவுக்கு 20 காலையில் போன் போட்டு, மூன்று ஜாக்கெட், மூன்று சேலை, நீல அளவு ஜாக்கெட், ஆக ஏழு உருப்படி எண்ணிக் கொடு. பாக்கி 3100 வாங்கிக் கையெழுத்து வாங்கு.