மருந்துக்கடை இணையதளம்: நமக்கு வேண்டியவை

தம்பி, முதலில் மருந்துச்சீட்டு ஏற்றும் பக்கத்தை முடித்துவிடுங்கள். டாக்டர் பெயர், பதிவு எண், தேதி தெளிவாகத் தெரியாத போட்டோ வந்தால் ஆர்டர் நகரவே கூடாது, நம் பார்மசிஸ்ட் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பணம் கட்டும் பொத்தானே வரட்டும், ஏனென்றால் சில ஆன்டிபயாடிக் மாதிரி கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்குப் பதிவேடு எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும், விளையாட்டில்லை.

அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகள் தளத்திலேயே வேண்டாம். மருந்துப் பக்கத்தில் மூலப்பெயர், மில்லிகிராம், யார் சாப்பிடக்கூடாது. "உடனடி குணம்" மாதிரி வாசகம் ஒன்றுகூடக் கூடாது.

அப்புறம், டெலிவரி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் மட்டும். தனுஷ்கோடிக்கு இல்லை. புயல் கூண்டு ஏற்றிய நாளில் பையனைப் பாலம் தாண்ட அனுப்பமாட்டோம் என்று முகப்பிலேயே போடுங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்கணும், நம்ம ஊர் வெயிலில் பைக்கில் போகாது, கடைக்கு வந்தே வாங்கட்டும்.