கோயில் வளைவு வரை

ஆடி மாதத்து அடைமழையில் பீலியடிப் பாசியில் வழுக்கி விழுந்து, வலது தொடை எலும்பு இடுப்பருகே முறிந்ததால், கண்டியிலுள்ள ஆஸ்பத்திரியொன்றில் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தப்பட்டு வீடு திரும்பியபோது, முத்துசாமிக்கு 71 வயது நிறைந்திருந்தது. அறுவைக்கு மறுநாளே தாதிமார் தன்னைப் பிடித்து நிறுத்தியதை அவர் எல்லாரிடமும் ஒரு குறையாகவே சொன்னார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும் என்று மருத்துவர் கூறிய காரணத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மஸ்கெலியாவில், மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் தோட்டமொன்றின் மேல்லயத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். ஸ்டோரில் வேலை பார்த்த காலத்திலும் ஓய்வுபெற்ற பின்னரும், விடிவதற்கு முன் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, லயத்துப் படிகளில் இறங்கி, கோயில் வளைவைக் கடந்து, முச்சந்திக் கடை வரை நடந்து திரும்புவது அவருடைய வழக்கம். கடை முன்னால் நின்றால் நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். வறட்சி கடுமையாகும் வருடங்களில் நீர் வற்றி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் மேலே எழும்போது, அந்தக் கோயிலில் சிறுவனாகத் திருநீறு வாங்கிய நினைவில் அவர் அங்கே நெடுநேரம் நிற்பார்.

வீடு வந்த முதல் வாரங்களில் அவருடைய நடை இஸ்தோப்போடு முடிந்தது. வாக்கரைத் தள்ளி வைத்து, வலக்காலை எடுத்து, பிறகு இடக்காலைச் சேர்க்க வேண்டும். லயத்துப் படிகளில் வாக்கர் உதவாது என்பதால், அந்தக் காலம் முழுவதும் அவர் வாசலுக்குக் கீழே இறங்கவேயில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருப்பது தெரிந்த பின்னரே கைத்தடிக்கு அனுமதி கிடைத்தது. தடியை வலது கையில் பிடிக்கப் போனவரை இயன்மருத்துவர் தடுத்து, அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில்தான் பிடிக்க வேண்டும், அப்போதுதான் இடுப்பில் இறங்கும் பாரம் குறையும் என்றார். இதைப் பக்கத்துக் காம்பராக்காரர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

படிகளை மருமகள் செல்விதான் பழக்கினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் அடிபட்ட காலும் முதலில் என்பதை அவள் பின்னால் நின்று ஒவ்வொரு படிக்கும் சொன்னாள். "நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டவர், அவள் வேலைக்குப் போன நாளில் மூன்றாம் படியில் நின்று, எந்தக் கால் என்று பேரனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

மலையில் நடப்பவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: தெம்பாக இருக்கும்போது இறக்கமும், களைத்த பின்னர் ஏற்றமுமாக வழி அமைந்துவிடுகிறது. ஆகவே செல்வி அவரை முதலில் கீழே விடாமல், ஸ்டோருக்குப் பின்னால் மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் சமதளப் பாதைக்கு அழைத்துச் சென்றாள். கிழவர்கள் நடக்கும் பாதை என்று தான் முன்பு சிரித்த அதே பாதையில், செருப்பை விட்டுச் சப்பாத்து அணிந்து, மழை பெய்த காலைகளில் வெயில் ஏறும் வரை காத்திருந்து, அவர் இரண்டு மாதங்கள் நடந்தார். காலில் வலியைவிட அச்சமே அதிகமாக இருந்தது. சிறு நீரோடை குறுக்கிட்டாலும் விழுந்த நாளின் பாசி கண்முன் வந்தது.

மார்கழியில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி, இருளில் விளக்குகள் வரிசையாகத் தெரிந்த நாட்களில் அவர் கோயில் வளைவு வரை இறங்கினார். இன்னும் போகலாம் என்று தோன்றும்போதே திரும்பிவிட வேண்டும் என்பது செல்வியின் நிபந்தனை. அதை அவர் ஒருமுறைதான் மீறினார். அன்று மூச்சு வாங்கிப் பாதிவழியில் மதகுக் கட்டில் உட்கார்ந்தவர், அது மிகவும் தாழ்வாக இருந்ததால், எழுப்பிவிட ஆள் வரும் வரை கொழுந்துப் பெண்களின் கேலியைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது.

மாசி பிற்பகுதியில், போவதற்கு நடை, வருவதற்கு ஓட்டோ என்று அவரே ஓர் ஏற்பாடு செய்துகொண்டு முச்சந்திக்குப் போனார். கடைக்காரர் சாக்குகளை அடுக்கி இருக்கையை உயர்த்திக் கொடுத்தார். நீர்மட்டம் இறங்கியிருந்தாலும் பழைய கோயில் இன்னும் வெளியே வரவில்லை.

"ஓட்டோவில் திரும்பினால் அது நடையாகாது, தாத்தா" என்றான் பேரன்.

"கீழே வந்தது யாருடைய கால்?" என்று கேட்டுவிட்டு, அவர் முதலில் பின்புறமாக அமர்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்து வண்டியில் ஏறினார். வண்டி நகர்ந்ததும் சாரதியின் தோளைத் தட்டினார்.

"தம்பி, இன்றைக்கு லயம் வரைக்கும் விடு. அடுத்த வாரம் கோயில் வளைவில் இறக்கிவிட்டால் போதும். கூலியையும் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்."