ஞாயிறு விடுமுறையால் சமத்துவம் வராது: வட மாகாணத்தில் ரியூசனும் பாடசாலைக் கல்வியும்

கொள்கைப் பகுப்பாய்வு: தனியார் வகுப்புகளைக் கட்டுப்படுத்துவது பற்றிய மாகாண மட்டக் கலந்துரையாடலுக்காக

ரியூசன் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் யோசனை நேரத் தடைதான். ஞாயிறு காலை வகுப்பு வேண்டாம், வெள்ளி மாலை வேண்டாம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இரவில் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஓய்வு தேவை, அறநெறி வகுப்புக்குப் போக நேரம் தேவை என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். அந்த நோக்கத்துக்காக இத்தடையை ஆதரிக்கலாம். ஆனால் ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை இது குறைக்கும் என்று சொன்னால் ஏற்க முடியாது. மண்டபத்தில் நடக்கும் வகுப்பை மூடினால் பணமுள்ளவர் ஆசிரியரை வீட்டுக்கு அழைப்பார். மண்டபத்தை மட்டும் நம்பியிருந்த பிள்ளைக்குத்தான் நட்டம்.

தென் கொரியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 1980 இல் இராணுவ ஆட்சி தனியார் பயிற்சியையே தடை செய்தது. வகுப்புகள் மறைவாக நடந்தன, ஆபத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கப்பட்டது. 2000 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. பின்னர் சியோலில் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்ற விதி வந்தது. இன்றும் அங்கு பத்தில் ஏழு எட்டுப் பிள்ளைகள் ஏதோவொரு தனியார் வகுப்புக்குப் போகிறார்கள்.

இலங்கையின் நிலைக்கு வருவோம். 1945 முதல் இலவசக் கல்வி இருக்கும் நாடு இது. ஆனால் குடும்ப வருமான, செலவின ஆய்வுத் தரவுகளின்படி, பாடசாலைப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ரியூசனுக்குச் செலவழித்தவை 1995/96 இல் நான்கில் ஒன்றுக்கும் குறைவு. 2016 இல் நகரத்திலும் கிராமத்திலும் அது பத்தில் ஆறுக்கு மேல். கிராமமும் நகரத்துக்கு அருகில் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். ரியூசன் இப்போது வசதியானவர்களின் மேலதிகச் செலவு அல்ல, அரிசி, பருப்புபோல வீட்டுக் கணக்கில் ஏறிவிட்ட செலவு. வித்தியாசம் யார் போகிறார்கள் என்பதில் மட்டும் இல்லை. எந்த ஆசிரியரிடம், எத்தனை பாடத்துக்கு, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

இதை உயர்தரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ளவை 1ஏபி வகைப் பாடசாலைகள் மட்டுமே, ஏறத்தாழ பத்தில் ஒன்று. அந்தப் பிரிவு பெயரளவில் இருந்தாலும் பௌதிகவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாமல் தவணைகள் கடப்பது பின்தங்கிய வலயங்களில் புதினமல்ல. அங்குள்ள பிள்ளைக்கு ரியூசன் மேலதிகம் அல்ல, அதுதான் பாடசாலை. பிள்ளை முதலில் தியறி வகுப்புக்குப் போகும், அப்புறம் றிவிஷன், கடைசியாகப் பேப்பர் கிளாஸ். பாடசாலை வரவு 80 சதவீதம் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பரீட்சை நெருங்க நெருங்க வகுப்பறை காலியாவதை எந்த அதிபரும் மறுக்க மாட்டார். சிலபஸ் முடியாத வகுப்பறையில் பிள்ளை எதற்காக உட்கார வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், சொல்லப் பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. மாவட்டங்களுக்கு இடையிலான வசதி வேறுபாட்டை ஈடுசெய்யவே இந்த ஏற்பாடு. ஆனால் கணக்கில் எடுக்கப்படுவது பாடசாலை இருக்கும் மாவட்டம். ரியூசன் இருக்கும் மாவட்டம் எங்கும் பதிவாவதில்லை. கிளிநொச்சியில் பாடசாலைப் பதிவை வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற ஆசிரியர்களிடம் போகும் பிள்ளையும், கிளிநொச்சியின் உட்கிராமத்தில் பின்னேரக் கடைசி பஸ்ஸைத் தவறவிட முடியாததால் எந்த வகுப்புக்கும் போகாத பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறார்கள். கோட்டா மாவட்டங்களுக்கு இடையில் நியாயம் செய்கிறது. மாவட்டத்துக்குள் ரியூசன் அதைக் கரைத்துவிடுகிறது. ஒரு பாடத்துக்கு மாதம் 2,000 ரூபா என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், மூன்று பாடம், பஸ் காசு, அச்சடித்த ரியூட் எல்லாம் சேர்த்தால் கூலி வேலை செய்யும் குடும்பத்தால் இரண்டு வருடம் தாங்க முடியாது.

கீழே தரம் 5 இலும் இதே கதைதான். புலமைப்பரிசில் பரீட்சை, திறமையுள்ள கிராமத்துப் பிள்ளையை நல்ல பாடசாலைக்குக் கொண்டுபோகவும் ஏழைப் பிள்ளைக்கு உதவவும் வந்தது. உதவித்தொகை பல ஆண்டுகளாக மாதம் 750 ரூபாவாகவே கிடந்தது. அதைப் பெறுவதற்கான ரியூசன் தரம் 3 இலேயே தொடங்கிவிடுகிறது.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவதும் சரியல்ல. சம்பளம் போதாது என்று அவர்கள் 2021 இல் மாதக்கணக்கில் போராடியது எல்லோருக்கும் தெரியும். மாலையில் வகுப்பு எடுப்பது தவறில்லை. ஆனால் காலையில் தன் வகுப்பில் இருக்கும் பிள்ளையிடமே மாலையில் காசு வாங்கிப் படிப்பிப்பது வேறு விஷயம். அதில் காலைப் பாடம் அரைகுறையாவதால் இலாபம் உண்டு. தடை செய்ய வேண்டியது இதைத்தான், இதை மட்டும்தான். முறைப்பாட்டை அதிபரிடம் கொடுக்கச் சொன்னால் எந்தப் பெற்றோரும் கொடுக்க மாட்டார். அடுத்த நாள் பிள்ளை அதே ஆசிரியர் முன்னால்தான் உட்கார வேண்டும். பெயர் வெளியாகாமல் மாகாணக் கல்வித் திணைக்களமே நேரடியாக ஏற்க வேண்டும்.

மட்டுப்படுத்திய தடை வேலை செய்யும் என்பதற்கு உள்ளூர் உதாரணமும் உண்டு. பொதுப் பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தக் கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கிறது. காலம் குறுகியது, விதி தெளிவானது. அதனால்தான் அதை மீறுவது கண்ணில் படுகிறது.

தன் வகுப்புப் பிள்ளையிடம் காசு வாங்கிப் படிப்பிக்கக் கூடாது என்ற விதி முழுநேர ரியூசன் ஆசிரியர்களைத் தொடாது. அவர்களைத் துரத்துவதும் தேவையில்லை. மாகாணத்தின் கையில் உள்ள பெரிய கருவி ஆசிரியர் இடமாற்றம். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் ஒவ்வொரு பின்தங்கிய வலயத்திலும் ஒரு பாடசாலையிலாவது முழுமையான ஆசிரியர் அணி இருக்க வேண்டும். நகரத்தில் மிகையாக இருக்கும் ஆசிரியர்களை அங்கே அனுப்பாமல் புதிய நியமனங்களுக்குக் காத்திருப்பது பலனளிக்கவில்லை. செல்வாக்கைக் கொண்டு இடமாற்றத்தை ரத்துச் செய்யும் பழக்கம் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அங்கே போகும் ஆசிரியருக்கு விடுதியும் மாலை வகுப்புக்கு மாகாண நிதியிலிருந்து கொடுப்பனவும் வேண்டும். மாலை வகுப்பு நடக்கும் நாட்களில் பிள்ளைகளை வீட்டில் சேர்க்கும் பஸ்ஸும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும். பஸ் இல்லாமல் வகுப்பு மட்டும் நடத்தினால் பாடசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் பயன்பெறுவார்.

கூடவே, ஒவ்வொரு உயர்தரப் பாடசாலையும் தவணை முடிவில் எந்தப் பாடத்தில் எத்தனை அலகு முடிந்தது என்பதை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். செலவு ஒரு தாள். ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்க்கும், எதிர்ப்பதில் கொஞ்சம் நியாயமும் உண்டு: ஆசிரியரே இல்லாத பாடத்துக்கு இருக்கிற ஆசிரியரைப் பழி சொல்லலாம். எனவே வெற்றிடமாக இருந்த நாட்களையும் அதே தாளில் எழுத வேண்டும். அப்போது கேள்வி வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும்.

தரம் 5 உதவித்தொகையைப் பரீட்சைப் புள்ளியிலிருந்து பிரித்து, அஸ்வெசும போன்ற வருமானப் பதிவின்படி வழங்குவது மத்திய அரசின் வேலை. மாகாணம் அதைக் கேட்டுக் கடிதம் எழுதலாம். ஆனால் பதில் வரும்வரை இடமாற்றப் பட்டியலைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த உயர்தர அணி தொடங்குவதற்கு முன் மூன்று வலயங்களிலாவது ஆசிரியர் அணி பூரணமாக இருக்க வேண்டுமானால், பட்டியல் இந்தத் தவணைக்குள் வெளிவர வேண்டும்.