விளாச்சேரி களிமண் தசாவதார செட் (10 பொம்மை, 10 அங்குலம்): பேக்கிங், உடைந்து வந்தால் என்ன செய்வோம்

விலை ₹6,500. தமிழ்நாட்டுக்குள் அனுப்ப ₹600, வெளி மாநிலங்களுக்கு ₹1,300.

இவை காகிதக்கூழ் பொம்மைகள் இல்லை. மதுரை விளாச்சேரியில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட மண் பொம்மைகள், உள்ளே வெற்றாக இருக்கும். மண்ணுக்கு இருக்கும் முகக்களை காகிதக்கூழில் வராது என்பது எங்கள் எண்ணம். ஆனால் கீழே விழுந்தால் காகிதக்கூழ் தாங்கும், மண் தாங்காது. அதனால் வாங்கும் முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

இந்த செட்டில் முதலில் உடையக்கூடியவை எவை என்று எங்களுக்குத் தெரியும். கல்கியின் குதிரைக் கால், வாமனனின் குடை, ராமனின் வில், பரசுராமனின் மழு, பலராமனின் கலப்பை, கிருஷ்ணனின் குழல் பிடித்த விரல்கள். குடை, வில், மழு, கலப்பை நான்கையும் தனியாகக் கழற்றி, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டு அனுப்புகிறோம். கையில் துளை இருக்கும், செருகினால் நிற்கும். பார்சலைப் பிரித்ததும் "ராமர் கையில் வில் இல்லையே" என்று பதற வேண்டாம். முதல் பெட்டியில் மேலாகவே அந்த டப்பா இருக்கும். குதிரைக் கால்களுக்கு நடுவே பஞ்சை இறுக்கமாக அடைத்திருப்போம். அதை இழுக்காமல் மெதுவாகப் பிய்த்து எடுங்கள்.

ஒவ்வொரு பொம்மையையும் விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் கட்டுகிறோம். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும், அது பெட்டிக்குள் போகாது. முதல் சுற்று மெல்லிய வெள்ளைத் துணி. பபிள் ஷீட்டை பொம்மை மேல் நேரடியாகச் சுற்றினால் வெயிலில் அதன் குமிழ்த் தடம் பெயின்ட்டில் பதிந்துவிடும். செய்தித்தாள் என்றால் மசி ஒட்டும். துணிக்கு மேல் மூன்று சுற்று பபிள் ஷீட், பிறகு பொம்மைக்கு ஒன்றாகத் தனி அட்டைப்பெட்டி. ஐந்து பெட்டிகளை ஒரு பெரிய 5-ப்ளை அட்டைப்பெட்டியில் நிற்க வைத்து, நான்கு பக்கமும் மேலும் கீழும் காகிதச் சுருளால் இடைவெளியை அடைக்கிறோம். மூடியபின் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுவோம். மேலே ஸ்டிக்கரும் அம்புக்குறியும் ஒட்டுகிறோம். ஆனால் பெட்டி தலைகீழாக வரும் என்று நினைத்துத்தான் கட்டுகிறோம்.

ஆரம்பத்தில் பத்தையும் ஒரே பெட்டியில் போட்டு புனேவுக்கு அனுப்பினோம். மூன்று பொம்மைகள் ஒன்றோடொன்று இடித்து உடைந்தன. தவறு எங்களுடையது. அன்றிலிருந்து இரண்டு பெட்டிதான். செலவு இதனால் கூடுகிறது. ஒரு பெட்டி 50 × 40 × 40 செ.மீ., உண்மையான எடை சுமார் 8 கிலோ. கூரியரில் அளவைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து 16 கிலோவாகப் போடுகிறார்கள். அனுப்பும் கட்டணம் அதிகமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், அதில் எங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

பார்சல் வந்ததும்

பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால் வெளிப்புறத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கிவிடுங்கள். திருப்பி அனுப்பாதீர்கள், வரும் வழியில் தப்பித்த பொம்மையும் திரும்பும் வழியில் உடையும். டேப்பைக் கத்தியால் ஆழமாகக் கீறாமல், பெட்டியின் எல்லாப் பக்கமும் தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரியுங்கள். உடைந்தது ஏதாவது இருந்தால் 48 மணி நேரத்துக்குள் இதே பக்கத்தின் சாட்டில் அனுப்பினால் போதும். வீடியோ எடுக்க மறந்துவிட்டதா? உடைந்த பொம்மையும் பேக்கிங்கும் சேர்ந்து தெரியும் போட்டோக்கள் அனுப்புங்கள், பார்த்து முடிவு செய்வோம். நாங்கள் பதில் சொல்லும் வரை பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், கூரியரில் கேட்பார்கள்.

மூளியான பொம்மையைப் படியில் வைக்க யாருக்கும் மனசு வராது. எனவே கழுத்து, கை, கால் உடைந்தாலோ உடம்பில் விரிசல் இருந்தாலோ வேறு பொம்மை எங்கள் செலவில் அனுப்புவோம். அதே அச்சு, ஆனால் கையால் வர்ணம் தீட்டுவதால் நிறம் கொஞ்சம் மாறலாம். மகாளய அமாவாசைக்குள் வந்து சேராது என்றால் அதை முன்கூட்டியே சொல்லி, பொம்மைக்கு ₹650 திருப்பித் தருவோம். நான்குக்கு மேல் உடைந்திருந்தால் முழுத் தொகையும், அனுப்பிய கட்டணத்தோடு, ஐந்து வேலை நாளில் திரும்ப வரும். உடைந்ததை எங்களுக்கு அனுப்பத் தேவையில்லை. கழற்றி அனுப்பும் நான்கில் ஏதாவது உடைந்தால் அதை மட்டும் தபாலில் அனுப்புகிறோம்.

பீடத்தின் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலோ பெயின்ட் உரசியிருந்தாலோ மாற்றுப் பொம்மை தர முடியாது. பொருத்தமான வர்ணம் ஒரு சின்னக் குப்பியில் அனுப்புவோம், அல்லது ₹100 கழித்துத் தருவோம். எது வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். படியில் அடுக்கும்போதோ கொலு முடிந்து எடுத்து வைக்கும்போதோ உடைந்தால் எங்கள் பொறுப்பில் வராது. அப்போதும் அந்த ஒரு பொம்மை மட்டும் வேண்டுமென்றால் கேளுங்கள், தனியாகத் தருகிறோம்.

மாற்றுப் பொம்மைக்கு நேரம் விட வேண்டும் என்பதால், அமாவாசைக்கு 20 நாள் முன்பு இந்த செட்டின் ஆர்டரை நிறுத்திவிடுவோம்.