தரம் 10 விஞ்ஞானம்: அமுக்கம் அலகுப் பரீட்சை, திட்ட அட்டவணையும் வினாத்தாளும்

சமாந்தர வகுப்பு ஆசிரியர்களுக்கு,

கடந்த தவணை நான் தயாரித்த தாளில் பாதிக்கு மேல் வரைவிலக்கணம்தான். பாடமாக்கியவர் எல்லாம் நல்ல புள்ளி எடுத்தார்கள், விளங்கிப் படித்த இரண்டு மூன்று பேர் பின்னுக்குப் போனார்கள். அதனால் இந்த முறை வினாவை எழுதுவதற்கு முன்பே அட்டவணையைப் போட்டேன். திண்மத்துக்கு 4 பாடவேளை, திரவத்துக்கு 4, வளிமண்டலத்துக்கு 2 எடுத்தோம். புள்ளியும் அதே விகிதத்தில் போகிறது.

| உபபகுதி | அறிவு | கிரகித்தல் | பிரயோகம் | பகுப்பாய்வு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| திண்மம் | 2 | 3 | 3 | 2 | 10 |
| திரவம் | 2 | 2 | 4 | 2 | 10 |
| வளிமண்டலம் | 2 | 2 | 1 | – | 5 |
| மொத்தம் | 6 | 7 | 8 | 4 | 25 |

வளிமண்டலத்தில் பகுப்பாய்வு வினா இல்லை. இரண்டு பாடவேளையில் அவ்வளவு தூரம் போகவில்லை, போகாததைக் கேட்பது நியாயமில்லை.

வினாத்தாள்

நேரம்: 40 நிமிடம். மொத்தப் புள்ளி: 25. எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக. g = 10 m s⁻², நீரின் அடர்த்தி = 1000 kg m⁻³.

பகுதி I (ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி)

1. அமுக்கத்தின் அலகு
(1) N m (2) N m⁻² (3) kg m⁻³ (4) N kg⁻¹

2. ஓய்விலுள்ள திரவமொன்றினால் ஒரு புள்ளியில் ஏற்படும் அமுக்கம் எதில் தங்கியிருப்பதில்லை?
(1) ஆழம் (2) திரவத்தின் அடர்த்தி (3) ஈர்ப்பு ஆர்முடுகல் (4) பாத்திரத்தின் வடிவம்

3. வளிமண்டல அமுக்கத்தை அளக்கும் கருவி
(1) வெப்பமானி (2) விற்றராசு (3) பாரமானி (4) அம்பியர்மானி

4. நியம வளிமண்டல அமுக்கம் எத்தனை cm இரச நிரலுக்குச் சமன்?
(1) 36 (2) 67 (3) 76 (4) 100

5. கொழும்பைவிட நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் குறைவாக இருப்பதற்குக் காரணம்
(1) அங்கு மழை அதிகம் (2) அங்கு மேலேயுள்ள வளி நிரலின் நிறை குறைவு (3) அங்கு கடல் இல்லை (4) அங்கு மரங்கள் அதிகம்

பகுதி II

6. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவர் தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடாக வைத்த பிறகே மூட்டையை ஏற்றுகிறார்.

(அ) அமுக்கம் என்றால் என்ன? (1)
(ஆ) சும்மாடு வைத்தால் தலையில் வலி குறைவது ஏன்? மூட்டையின் நிறை, தொடும் பரப்பளவு, அமுக்கம் மூன்றையும் குறிப்பிட்டு விளக்குக. (3)
(இ) அவர் இறக்கிவைத்த 600 N நிறையுள்ள பெட்டியின் அடி 0.5 m × 0.4 m ஆகும். தரையில் ஏற்படும் அமுக்கத்தைக் காண்க. (3)
(ஈ) அதே பெட்டியை 0.5 m × 0.3 m பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார். "நிறை மாறவில்லை, ஆகவே அமுக்கமும் மாறாது" என்கிறான் ஒரு மாணவன். இக்கூற்றை ஏற்பீரா? காரணம் தருக. (2)

7. வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் கூரையில் நீர்த்தாங்கி உள்ளது. தாங்கியின் நீர்மட்டம் தரைத்தளக் குழாயிலிருந்து 12 m உயரத்திலும், மேல்தளக் குழாயிலிருந்து 3 m உயரத்திலும் இருக்கிறது.

(அ) திரவ அமுக்கத்துக்கான சூத்திரத்தை எழுதுக. (1)
(ஆ) மேல்தளத்தைவிடத் தரைத்தளக் குழாயில் நீர் வேகமாக வருவது ஏன்? (2)
(இ) குழாய்கள் மூடியிருக்கும்போது,
 (i) தரைத்தளக் குழாயில் நீரினால் ஏற்படும் அமுக்கம் யாது? (2)
 (ii) இரு குழாய்களிலும் நீரினால் ஏற்படும் அமுக்கங்களின் வித்தியாசம் யாது? (2)
(ஈ) மேல்தளக் குடும்பம் இருமடங்கு கொள்ளளவுள்ள, அகலமான தாங்கியை வைக்க விரும்புகிறது. நீர்மட்டம் பழைய உயரத்திலேயே இருக்கும். அவர்களது குழாயில் அமுக்கம் கூடுமா? காரணத்துடன் கூறுக. (2)

8. காலி முகத்திடலில் சிறுமி ஒருத்தி செவ்விளநீரை ஸ்ட்ரோவால் உறிஞ்சுகிறாள்.

(அ) உறிஞ்சும்போது ஸ்ட்ரோவின் உள்ளே வளியமுக்கத்துக்கு என்ன நடக்கிறது? (1)
(ஆ) இளநீருக்கு மேலேயுள்ள பகுதியில் ஸ்ட்ரோ கீறியிருந்தால் உறிஞ்சுவது கடினம். ஏன்? (1)

புள்ளி வழங்கல்

பகுதி I விடைகள்: 2, 4, 3, 3, 2.

6(இ) பரப்பளவு 0.2 m² என்பதற்கு 1, பிரதியீட்டுக்கு 1, 3000 Pa என்பதற்கு 1. அலகு இல்லாவிட்டால் கடைசிப் புள்ளி இல்லை.

6(ஈ) வெறும் "இல்லை" என்பதற்குப் புள்ளி கிடையாது. பரப்பளவு குறைகிறது என்பதற்கு 1, ஆகவே அமுக்கம் கூடுகிறது என்பதற்கு 1. 4000 Pa என்று கணித்துக் காட்டினாலும் முழுப் புள்ளி.

7(இ) 120 000 Pa, வித்தியாசம் 90 000 Pa. (i) பிழைத்து, அந்த விடையைக் கொண்டு (ii) சரியாகச் செய்திருந்தால் (ii) க்கு முழுப் புள்ளி.

7(ஈ) தான் என் சந்தேகம். "தாங்கி பெரிது, அமுக்கமும் பெரிது" என்றுதான் பலர் எழுதுவார்கள், அதைப் பிடிக்கத்தான் வினாவே. ஆனால் வகுப்பில் வெவ்வேறு வடிவப் பாத்திரங்களின் பரிசோதனையைச் செய்யாதவர்களுக்கு இது பகுப்பாய்வாக இராது, வெறும் ஊகம்தான். உங்கள் வகுப்பில் அது விடுபட்டிருந்தால் பரீட்சைக்கு முன் செய்துவிடுங்கள், அல்லது சொல்லுங்கள், வினாவை மாற்றுகிறேன். வெள்ளிக்கிழமை போட்டோக் கொப்பிக்குக் கொடுக்க வேண்டும்.