செந்தில், மனுவைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்

தம்பி செந்தில்,

பட்டா மாறுதல் விசாரணைக்கு வேறொரு நாள் கேட்டு நீ எழுதி அனுப்பிய மனுவைப் படித்தேன். கம்ப்யூட்டர் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "நான் இந்தக் கடிதத்தைத் தங்களுக்குத் தெரியப்படுத்தும் நோக்கத்துடன் எழுதுகிறேன்" என்று தொடங்கி நாலு வரி போகிறது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பது இன்னும் வரவில்லை. "தங்களின் விரைவான பதில் மிகவும் பாராட்டப்படும்" என்ற வரியை எடுத்துவிட்டேன். அதிகாரியிடம் வேண்டிக் கேட்கிற இடத்தில் பாராட்டு எதற்கு? "ஏற்பட்ட அசௌகரியத்திற்கு ஆழ்ந்த வருத்தங்கள்" என்பதும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. விசாரணைக்கு வர முடியாமல் போனதற்கு நாம் வருத்தப்படுவது உண்மைதான், அதை நம் வார்த்தையிலேயே சொல்லியிருக்கிறேன். "மரணமடைந்த தந்தையின் சொத்து" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தானை அப்படி எழுத வேண்டாம்.

தேதி, புல எண் எல்லாம் நீ கொடுத்ததுதான். ஒருமுறை பட்டாவோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்.

அனுப்புநர்
ரா. செந்தில்குமார்,
த/பெ (மறைந்த) ராமலிங்கம்,
3/41, மேலத்தெரு,
நடுக்காவேரி,
திருவையாறு வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மண்டல துணை வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
திருவையாறு.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வாரிசு அடிப்படையில் பட்டா மாறுதல் – விசாரணைக்கு வேறொரு நாள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது பட்டா மாறுதல் மனு எண் 2025/0103/21/004417, நாள் 19.06.2025.
2. 08.07.2025 அன்று நடைபெற்ற விசாரணைக்கான அழைப்பு.

வணக்கம். நடுக்காவேரி கிராமம், புல எண் 112/3பி-இல் உள்ள 0.42.50 ஹெக்டேர் (1 ஏக்கர் 5 சென்ட்) நஞ்சை நிலம் என் தந்தை ராமலிங்கம் பெயரில் உள்ளது. அவர் கடந்த 03.02.2025 அன்று காலமானார். என் தாயார் கமலா, தங்கை மகேஸ்வரி, நான் ஆகிய மூவரும் அவருடைய வாரிசுகள். உட்பிரிவு செய்யாமல் எங்கள் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்கக் கோரி மேற்கண்ட மனுவைக் கொடுத்திருந்தோம்.

விசாரணைக்கு முதல் நாள், 07.07.2025 அன்று, என் தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதனால் மறுநாள் விசாரணைக்கு அவரை அழைத்து வர முடியவில்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு நானும் வர இயலவில்லை. முன்கூட்டியே தங்களுக்குத் தெரிவிக்காமல் போனதற்கு வருந்துகிறேன். இரண்டு வாரம் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

ஆகவே, 21.07.2025-க்குப் பிறகு தங்களுக்கு வசதியான ஏதாவது ஒரு நாளில் மீண்டும் விசாரணை வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை திருப்பூரில் இருப்பதால், இரண்டு நாள் முன்னதாகத் தகவல் கிடைத்தால் மூவரும் அசல் ஆவணங்களுடன் சேர்ந்து வர வசதியாக இருக்கும். மனுவில் கொடுத்துள்ள கைபேசி எண்ணிலேயே என்னைத் தொடர்புகொள்ளலாம்.

சம்பா சாகுபடிக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டிருக்கிறோம். அதற்கு எங்கள் பெயரில் பட்டா தேவைப்படுகிறது. நாற்று விடும் காலம் நெருங்குவதால், மனுவைத் தள்ளுபடி செய்யாமல் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டு உதவ வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. செந்தில்குமார்

இடம்: நடுக்காவேரி
நாள்: 14.07.2025

இணைப்பு: 1. மனு ஒப்புகைச் சீட்டு நகல்
2. மருத்துவமனைச் சீட்டு நகல்
3. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்கள்

அவ்வளவுதான் தம்பி. பயிர்க்கடன் விஷயம் உன் மனுவில் இல்லை, நானாகத்தான் சேர்த்தேன். அவசரம் என்று சும்மா சொல்வதைவிட எதற்கு அவசரம் என்று சொன்னால் படிப்பவருக்குப் புரியும். "தள்ளுபடி செய்யாமல்" என்பதை மட்டும் எடுத்துவிடாதே. விசாரணைக்கு வரவில்லை என்று மனுவை முடித்துவிட்டால் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போ. ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள். அப்புறம், அக்காவுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடுகிறாயா? அடுப்படிப் புகைப் பக்கம் போக விடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

மாமா